ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை மூலக்கூறு? குவாண்டம் விளைச்சலைக் கணக்கிடும் முறை

குவாண்டம் விளைச்சல், குறியீடு Φ, என்பது ஒரு வகுத்தல்தான். வினைபுரிந்த மோல்களை, அதே நேரத்தில் உறிஞ்சப்பட்ட ஃபோட்டான்களின் மோல்களால் வகுக்க வேண்டும். வகுப்பதில் யாரும் தவறுவதில்லை. மேலேயும் கீழேயும் எந்த எண்ணை வைப்பது என்பதில்தான் தவறு வரும். ஹைட்ரஜன் அயோடைடு வாயு புறஊதா ஒளியில் சிதைவதை வைத்துப் பார்ப்போம். எண்கள் இந்த விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

500 மி.லி. குவார்ட்ஸ் குடுவையில், காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, 8 × 10⁻⁴ மோல் HI வாயு நிரப்புகிறோம். சாதாரணக் கண்ணாடி உதவாது, 253.7 நானோமீட்டர் ஒளியை அதுவே விழுங்கிவிடும். ஒளி வருவது குறைந்த அழுத்தப் பாதரச விளக்கிலிருந்து. நேரம் 30 நிமிடம், அதாவது 1800 வினாடி.

படி 1: உறிஞ்சப்பட்ட ஒளி

விளக்கின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை எடுக்கவே கூடாது. அது விளக்கு இழுக்கும் மின்சாரம். அதில் ஒரு சிறு பங்குதான் குடுவைக்குள் போகிறது. ஒளித்திறன் மானியைக் குடுவைக்குப் பின்னால் வையுங்கள். காலிக் குடுவை வழியாக 3.2 மில்லிவாட் வருகிறது. வாயு நிரப்பியபின் 0.2 மில்லிவாட். வித்தியாசமான 3.0 மில்லிவாட்தான் வாயு எடுத்துக்கொண்டது. இரண்டு அளவையும் அதே குடுவை வழியாக எடுத்ததால், குவார்ட்ஸ் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பெருமளவு கழிந்துபோகிறது.

```
E = 3.0 × 10⁻³ × 1800 = 5.4 J
```

படி 2: ஜூலிலிருந்து ஃபோட்டான் மோல்

ஒரு மோல் ஃபோட்டானின் ஆற்றல் அலைநீளத்தைப் பொறுத்தது. அவகாட்ரோ எண் N_A, பிளாங்க் மாறிலி h, ஒளியின் வேகம் c மூன்றையும் பெருக்கினால் 0.1196 வரும்; அதை அலைநீளம் λ-ஆல் வகுக்க வேண்டும். அலைநீளத்தை மீட்டருக்கு மாற்ற மறந்தால் விடை கோடிக்கணக்கான மடங்கு பிசகும்.

```
N_A·h·c/λ = 0.1196 / (253.7 × 10⁻⁹) = 4.715 × 10⁵ J/mol
n(ஃபோட்டான்) = 5.4 / (4.715 × 10⁵) = 1.145 × 10⁻⁵ mol
```

படி 3: வினைபுரிந்த மோல்

உண்டான அயோடினைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கரைத்து, 0.0100 M சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்கிறோம். 2.18 மி.லி. செலவானது என்றால் தயோசல்பேட் 2.18 × 10⁻⁵ மோல். ஒரு I₂ இரண்டு தயோசல்பேட்டை எடுக்கும். அதே ஒரு I₂ இரண்டு HI-யிலிருந்து வந்தது. ஆக, சிதைந்த HI-யும் 2.18 × 10⁻⁵ மோல்தான்.

```
Φ(HI) = (2.18 × 10⁻⁵) / (1.145 × 10⁻⁵) = 1.90
```

எந்தப் பொருளுக்கான விளைச்சல் என்று கூடவே எழுதுங்கள். அயோடின் உருவாவதற்குக் கணக்கிட்டால் இதே சோதனை 0.95 தரும், இரண்டும் சரி. படி 1-இல் 3.0-க்குப் பதிலாக 3.2 போட்டிருந்தால் 1.78 வந்திருக்கும், அது தவறு.

சரி, ஒன்றுக்கு மேல் எப்படி வந்தது? ஒரு ஃபோட்டான் நேரடியாக உடைப்பது ஒரு மூலக்கூறைத்தான். ஆனால் விடுபட்ட H அணு சும்மா இருப்பதில்லை. அடுத்த HI-யைத் தாக்குகிறது.

```
HI + hν → H + I
H + HI → H₂ + I
I + I → I₂
```

ஒரு ஃபோட்டானுக்கு இரண்டு HI போகிறது. I அணு அறை வெப்பநிலையில் HI-யைத் தாக்காது என்பதால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். எனவே 2 என்பது இங்கே மேல் எல்லை. நமக்கு 1.90 வந்ததை அளவீட்டுப் பிழை என்று உடனே தள்ள வேண்டாம். வினை நடக்க நடக்க அயோடின் சேர்கிறது. H அணு HI-யைவிட I₂-வோடு வேகமாக வினைபுரிந்து, HI-யைத் திரும்ப உண்டாக்கிவிடும். இங்கே HI-யில் 2.7 சதவீதம்தான் சிதைந்தது. அதற்கே விளைச்சல் குறையத் தொடங்கும். இதைச் சோதிக்க 20, 10, 5 நிமிடம் என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். Φ மேலேறி 2-ஐ நெருங்கினால் காரணம் அயோடின்தான். Φ-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்து, பூஜ்ய நேரத்துக்குக் கோட்டை நீட்டி வரும் மதிப்பை எடுங்கள். குறைந்த நேரத்தில் தயோசல்பேட் சில துளிகளே செலவாகும். அதற்கு இன்னும் நீர்த்த கரைசலும் நுண்ப்யூரெட்டும் வேண்டும்.

மாறாக 2.3 வந்தால்? எல்லையைத் தாண்டிவிட்டது, அப்போது முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். அமிலக் கரைசலில் உள்ள அயோடைடை ஆக்சிஜன் அயோடினாக மாற்றிவிடும்; ஒளி செய்யாத வேலையும் ஒளியின் கணக்கில் ஏறும். கரைத்ததும் தாமதிக்காமல் தரம்பாருங்கள். அப்புறம், அதே அளவு வாயுவை இன்னொரு குடுவையில் 30 நிமிடம் இருட்டில் வைத்து, அதையும் இதே போலத் தரம்பார்த்து, வரும் எண்ணைப் படி 3-இல் கழித்துவிடுங்கள்.