கடைசி ஈடு வேகும்வரை முதல் ஈட்டு வடையை ஓவனில் மொறுமொறுப்பாக வைத்திருப்பது எப்படி?

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மெதுவடை சுடும்போது, வாணலியில் ஒரு ஈட்டுக்கு நான்கு வடைக்கு மேல் போட முடியாது. இருபத்து நான்கு வடைக்கு ஆறு ஈடு. ஈட்டுக்கு ஐந்தாறு நிமிடம் என்று வைத்தால், கடைசி ஈடு வெந்து வரும்போது முதல் ஈடு இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் அது ஆறி நமுத்துப் போகாமல் இருக்க, குறைந்த சூட்டிலுள்ள ஓவன் உதவும்.

நமுப்பதற்குக் காரணம் வடைக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெயில் வேகும்போது மேல்தோலிலுள்ள ஈரம் போய்விடுவதால்தான் அது மொறுமொறுப்பாகிறது. உள்ளே இருக்கும் மாவிலோ ஈரம் மிச்சமிருக்கிறது. வெளியே எடுத்த பிறகும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். வடையை ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால், வெளியே வந்த ஆவி மூடியில் நீராகி மறுபடியும் வடையின் மேலேயே சொட்டும். சூடு நிற்கும், மொறுமொறுப்பு நிற்காது. ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு: தோல் ஆறாத அளவுக்குச் சூடும், ஆவி போவதற்கு வழியும்.

எண்ணெயை அடுப்பில் வைக்கும்போதே ஓவனையும் 100 டிகிரி செல்சியஸில் வைத்துவிடுங்கள். பல ஓ.டி.ஜி.களில் குமிழின் முதல் குறியே அதுதான். விசிறி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஈரக்காற்று தேங்காது. மைக்ரோவேவ் அடுப்பாக இருந்தால் கன்வெக்ஷன் முறையில் மட்டுமே இதைச் செய்யலாம். மைக்ரோவேவ் முறை வடைக்குள் இருக்கும் நீரைச் சூடாக்கி, ஆவியைத் தோலுக்குள் தள்ளி, நாம் தவிர்க்க நினைத்ததையே செய்துவிடும்.

அடுத்தது கம்பித் தட்டு. என் அனுபவத்தில் இந்த முறை பலிப்பதும் பலிக்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். ஒரு பேக்கிங் தட்டின் மேல், கால் உள்ள கம்பித் தட்டை வைத்து, ஓவனின் நடுப் படியில் வையுங்கள். கம்பியிலிருந்து சொட்டும் எண்ணெய் கீழ்த் தட்டில் விழும். கீழே உள்ள சூடேற்றும் கம்பியில் விழுந்து புகையாது. வடையை வெறும் தட்டிலேயே வைத்தால் அடிப்பக்கத்து ஆவி போக வழியின்றி அங்கேயே தங்கிவிடும். மேலே தொட்டால் மொறுமொறுப்பாக இருக்கும் வடையைப் புரட்டிப் பார்த்தால், அடியில் நான்கணா அளவுக்கு ஒரு ஈர வட்டம் தெரியும். நானும் முதலில் தட்டிலேயே வைத்து, ஓவன்தான் சரியில்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடையை முழுமையாகப் பொன்னிறமாகச் சுட்டே எடுக்க வேண்டும். 100 டிகிரியில் நிறம் ஏறாது; வெளிறிய வடை ஓவனில் சிவக்கும் என்று காத்திருப்பது வீண். கண் கரண்டியில் எடுத்து எண்ணெயை நன்றாக வடித்து, தாளில் அரை நிமிடம் வைத்து, உடனே கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். தாளோடு ஓவனுக்குள் வைக்காதீர்கள். தாள் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதோடு, சூடேற்றும் கம்பியில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். வடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாகப் பரப்புங்கள். ஃபாயிலால் மூட வேண்டாம்.

ஒவ்வொரு ஈட்டையும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக வைத்தால் எது பழையது என்று தெரியும். பரிமாறும்போது அதையே முதலில் எடுக்கலாம். மூன்றாவது ஈடு உள்ளே போனதும் கதவுக் கண்ணாடியைக் கவனியுங்கள். அதில் ஆவி படிந்திருந்தால் உள்ளே ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்; மரக்கரண்டியின் காம்பைக் கதவிடுக்கில் செருகி ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தால் தெளிந்துவிடும்.

வடை சரியாக இருக்கிறதா என்பதை நகத்தால் தட்டிப் பார்த்தே சொல்லலாம். காய்ந்த சத்தம் கேட்டால் நல்லது. சத்தமின்றி நகம் அமுங்கினால் சூடு போதவில்லை, குமிழை 110க்கு ஏற்றுங்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு கல்லாகத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது. மெதுவடைக்கு அரை மணி நேரம் வசதியான எல்லை. அதற்கு மேல் உள்ளிருக்கும் பஞ்சுத்தன்மை வறண்டுவிடும். பருப்பு வடையில் ஈரம் குறைவு, ஆகையால் இன்னும் சற்று நேரம் தாங்கும். வெங்காய பஜ்ஜியில் வெங்காயம் நீர் விட்டுக்கொண்டே இருப்பதால், பதினைந்து நிமிடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பூரியை ஓவனில் வைக்கவே வேண்டாம். உப்பல் அமுங்கி, அப்பளம் போலக் காய்ந்துவிடும், அதைச் சுடச்சுடப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.