ஊழியர் பகிர்வுகளை ஒரே நிமிடத்தில் குவியாமல் மூன்று நாளில் பரப்புவது எப்படி?

காலை 10 மணிக்கு நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வரும். அடுத்த நிமிடமே ஊழியர் குழுவில் அதன் இணைப்பைப் போட்டு, "எல்லாரும் பகிருங்கள்" என்பார்கள். 10:05-க்குள் எட்டுப் பேர் பகிர்ந்து முடித்திருப்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதுதான் வழக்கம். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் தன் கைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்பினார். ஒரே படமும் ஒரே வாசகமும் ஐந்து பேருடைய பெயரில் வரிசையாக இருந்தன. "இதெல்லாம் தானாகப் போகிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஒரே நிறுவனத்தில் இருப்பவர்களுக்குத் தொடர்பில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அதனால் நேரத்தை மட்டும் தள்ளி வைத்தால் போதாது. யாருடைய தொடர்புகள் யாருடையதோடு கலந்திருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர் உதாரணத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: ஆட்களைப் பிரியுங்கள்

கணக்கு மென்பொருள் விற்கும் சிறு நிறுவனம் ஒன்று. ஒரு பில்லுக்கான பணத்தைத் தவணை தவணையாகப் பதிவு செய்யும் வசதியைச் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு அறிவிக்கப் போகிறது. பகிர விருப்பம் சொன்னவர்கள் 12 பேர்: விற்பனையில் மூவர், வாடிக்கையாளர் உதவியில் மூவர், நிரல் எழுதுபவர்கள் மூவர், நிறுவனர், மனிதவளத்தில் ஒருவர், கணக்குப் பிரிவில் ஒருவர். விருப்பம் சொன்னவர்கள் மட்டும்தான், இதைக் கட்டாயமாக்க வேண்டாம். அவர்களுடைய கடவுச்சொல்லை வாங்கி நீங்களே பதிவிடும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

விற்பனையும் உதவிப் பிரிவும் பேசுவது அதே வாடிக்கையாளர்களிடம். நிரலாளர்களைத் தொடர்பவர்கள் வேறு நிரலாளர்கள். ஆகவே செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒரு பிரிவிலிருந்து ஒருவர் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மூவரில் நாளுக்கு ஒருவர். நாளுக்கு நான்கு பேர் ஆகிவிட்டது. அந்த வசதியை உருவாக்கிய நிரலாளரும் நிறுவனரும் முதல் நாளில் வரட்டும், செய்தி சூடாக இருக்கும்போது அவர்கள் சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

ஒரே நாளுக்குள்ளும் விற்பனைக்காரரை முதல் இடத்திலும் உதவிப் பிரிவுக்காரரைக் கடைசி இடத்திலும் வையுங்கள்.

படி 2: நிமிடங்களைக் கலையுங்கள்

நாளுக்கு நான்கு நேரம்: 10:30, 12:30, 15:00, 17:00. இப்படியே கொடுத்தால் மூன்று நாளும் மணி அடித்த மாதிரி ஒரே நேரத்தில் பதிவுகள் வரும். அதனால் ஒவ்வொன்றிலும் சில நிமிடம் கூட்டிக்கொள்வோம். கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் திறந்து, A-யில் பெயர், B-யில் பிரிவு, C-யில் தேதி, D-யில் மேலே சொன்ன நேரம் என்று நிரப்புங்கள். E2-இல் இதை எழுதுங்கள்:

```
=D2+RANDBETWEEN(3,40)/1440
```

ஒரு முழு நாளைத் தாள் 1 என்று கணக்கிடுகிறது. ஒரு நாளில் 1440 நிமிடம் என்பதால், வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும். 12:30 என்ற இடம் 12:33-க்கும் 13:10-க்கும் நடுவில் எங்காவது விழும். E-யில் நேரத்துக்குப் பதிலாக 0.53 போன்ற எண் தெரிந்தால், அந்தக் கட்டத்தின் வடிவத்தை நேரம் என்று மாற்றுங்கள். அப்புறம் சூத்திரத்தைக் கீழே 12 வரிக்கும் இழுத்துவிடுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். `RANDBETWEEN` சும்மா இருக்காது. தாளில் எங்கே எதைத் திருத்தினாலும் எல்லா நேரத்தையும் புதிதாகக் குலுக்கிப் போடும். நீங்கள் ஒருவருக்கு 10:52 என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள், அவர் தாளைத் திறந்து பார்க்கும்போது 11:04 என்று இருக்கும். ஆகவே E பத்தியை முழுதாகத் தேர்ந்து `Ctrl+C`, பிறகு அதே இடத்தில் `Ctrl+Shift+V`. சூத்திரம் போய் வெறும் நேரம் நிற்கும். இதை முடித்த பிறகே யாருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.

யாராவது வேறு நாட்டில் இருந்தால், அவருடைய உள்ளூர் நேரத்தைத் தனிப் பத்தியில் எழுதிவிடுங்கள். அவரையே கணக்குப் போடச் சொன்னால் தவறு வரும்.

படி 3: வாசகம் கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள்

நேரம் கலைந்தும் எழுத்து ஒன்றாக இருந்தால் பயனில்லை. ஆயத்த வாசகத்தை அனுப்பினால் பத்துப் பேர் அப்படியே ஒட்டுவார்கள், அது அவர்கள் தப்பில்லை. நான் ஒவ்வொருவருக்கும் இணைப்பையும் ஒரு கேள்வியையும் தனியாக அனுப்புகிறேன். உதவிப் பிரிவில் இருப்பவரிடம், "இந்த வசதி இல்லாதபோது வாடிக்கையாளர்கள் என்ன செய்து சமாளித்தார்கள்?" என்று கேட்டால், "பாதிப் பணம் வந்ததும் பழைய பில்லை ரத்து செய்துவிட்டு இரண்டு பில்லாகப் போட்டார்கள். வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்பார்கள்" என்று எழுதுவார். இதை வேறு யாராலும் எழுத முடியாது. தான் அங்கே வேலை செய்வது பதிவிலேயே தெரியும்படி "எங்கள் நிறுவனத்தில்" என்று ஒரு சொல் இருக்கட்டும்.

படி 4: பதிவைக் காலம் குறித்து வைப்பது

லிங்க்ட்இனில் புதிய பதிவு எழுதும் பெட்டியின் கீழே கடிகாரச் சின்னம் இருக்கும். அதை அழுத்தித் தேதியும் நேரமும் கொடுத்தால் போதும். இதைக் கடைசி நேரத்துக்கு வைக்க வேண்டாம். முந்தைய நாளே முடித்துவிடச் சொல்லுங்கள். நிறுவனப் பதிவை அப்படியே மறுபகிர்வு செய்ய விரும்புகிறவருக்குக் காலண்டரில் ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடுங்கள், அவர் கையால் செய்யட்டும்.

ஒரு எச்சரிக்கை. குறித்து வைத்த பதிவு அவரவர் கணக்கில் இருக்கிறது. அறிவிப்பு தள்ளிப்போனாலோ இணைப்பு மாறினாலோ உங்களால் அதை நிறுத்த முடியாது. எனவே ஒரே நேரத்தில் மூன்று நாளுக்கும் குறிக்க விடாதீர்கள். முதல் நாள் நால்வர் மட்டும் திங்கள் மாலை குறிக்கட்டும். மற்றவர்கள் அவரவர் நாளுக்கு முந்தைய மாலை. திட்டம் மாறினால் நால்வரைத் தொலைபேசியில் அழைத்தால் போதும், பன்னிரண்டு பேரைத் தேட வேண்டியதில்லை.

படி 5: நாளுக்கு ஓர் இணைப்பு

எல்லாருக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்தால் எந்த நாள் வேலை செய்தது என்று தெரியாது. முகவரியின் முடிவில் நாளைக் குறித்துவிடுங்கள்:

```
https://example.com/part-payment?utm_source=linkedin&utm_medium=employee&utm_content=day1
```

புதனுக்கு `day2`, வியாழனுக்கு `day3`. ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கவும் முடியும், ஆனால் நான் செய்வதில்லை. யார் எத்தனை பேரைக் கொண்டுவந்தார் என்று பட்டியல் எடுத்தால் அடுத்த முறை பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள்.

புதன் மாலை இரண்டைப் பாருங்கள். லிங்க்ட்இனில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, பதிவுகளைப் புதியது முதலில் வரும்படி அடுக்கினால், அவை எத்தனை இடைவெளியில் விழுந்தன, தொடக்க வரிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரே பார்வையில் தெரியும். அடுத்து, உங்கள் தளத்தின் புள்ளிவிவரத்தில் `day1`, `day2` இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைவது இயல்பு. ஒரேயடியாகப் படுத்துவிட்டால், பெரும்பாலும் அதே ஆட்களுக்கு அதே விஷயம் மறுபடி போயிருக்கிறது. வியாழக்கிழமைக்கு உரிய நால்வர் இந்தப் புதன் மாலைதான் குறிக்கப் போகிறார்கள் என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. அவர்களிடம் வேறு கேள்வியைக் கொடுங்கள், அல்லது விற்பனைக்காரரை மட்டும் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவிடுங்கள்.