உழாத நிலத்தில் கரிமம் கூடியதா? அளவீட்டில் நேரும் தவறுகள்

உழவைக் குறைத்ததால் மண்ணில் கரிமம் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு சொன்னால், முடிவைப் படிக்கும் முன் நான் தேடுவது ஒன்றைத்தான்: எவ்வளவு ஆழம் வரை மண் எடுத்தார்கள்?

மேல்மண்ணை மட்டும் எடுத்துவிட்டு நிலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் இத்துறையின் ஆகப் பெரிய தவறு. மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பை, அறுவடைத் தாளையும் வேரையும் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்துவிடுகிறது. உழாத வயலில் அதே தாள் மேலேயே கிடந்து மட்குகிறது. ஆகவே உழாத வயலின் மேல் பத்து சென்டிமீட்டரில் கரிமம் கூடுதலாக இருக்கத்தான் செய்யும். அது புதிதாகச் சேர்ந்ததா, இருக்கும் இடம்தான் மாறியதா என்பதைக் கீழ்மண் சொல்ல வேண்டும்.

2007இல் ஜான் பேக்கரும் அவருடைய அமெரிக்க சக ஆய்வாளர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். கரிமம் கூடியதாகச் சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் முப்பது சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டன. அதைத் தாண்டித் தோண்டிய சில ஆய்வுகளில் சீரான ஆதாயம் தென்படவில்லை. 2010இல் லுவோ குழுவினர் 69 இணைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உழாத நிலத்தின் மேல் பத்து சென்டிமீட்டரில் ஹெக்டேருக்குச் சராசரியாக 3.15 டன் கூடியிருந்தது; இருபது முதல் நாற்பது சென்டிமீட்டர் அடுக்கில் 3.30 டன் குறைந்திருந்தது. மேலே கூடிய அளவு கீழே குறைந்துபோயிற்று. பத்து சென்டிமீட்டரோடு நிறுத்தியிருந்தால் இதே நிலங்கள் வெற்றிக் கதையாகியிருக்கும்.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. கரிம இருப்பைக் கணக்கிடக் கரிமச் சதவீதம் மட்டும் போதாது. மண்ணின் எடையும் வேண்டும். இதற்காக எஃகு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, விளிம்போடு சீவி எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி நிறுக்கிறார்கள். கன அளவால் வகுத்தால் பருமன் அடர்த்தி கிடைக்கிறது. உழுத மண் பொலபொலப்பாக இருக்கும். உழாத மண் இறுகியிருக்கும். இரண்டிலும் ஒரே ஆழத்துக்குக் குழாயை இறக்கினால், இறுகிய நிலத்திலிருந்து அதிக மண் வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயல்களிலும் முப்பது சென்டிமீட்டர் வரை சராசரிக் கரிமம் ஒரு சதவீதம் என்று கொள்வோம். உழுத வயலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.30 கிராம் என்றால் ஒரு ஹெக்டேரில் 3,900 டன் மண், அதில் 39 டன் கரிமம். உழாத வயலில் அடர்த்தி 1.40, மண் 4,200 டன், கரிமம் 42 டன். மூன்று டன் ஆதாயம் என்று தோன்றும். ஆனால் அங்கே 300 டன் மண் கூடுதலாக எடைக்கு வந்திருக்கிறது. அடியிலிருந்து அந்த 300 டன்னைக் கழித்துப் பாருங்கள். அடிமண்ணில் கரிமம் 0.6 சதவீதம் என்றால் 1.8 டன் போய்விடும். மீதி 40.2. மூன்று டன் ஆதாயம் 1.2 டன்னாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஆழத்தை விட்டு ஒரே எடை மண்ணை ஒப்பிடும் இந்த முறையை மண் ஆய்வாளர்கள் எல்லர்ட்டும் பெட்டனியும் 1995இலேயே விளக்கிவிட்டார்கள். இன்றும் பலர் அதைச் செய்யாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கரிசல் மண்ணில் இன்னும் கவனம் தேவை. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது; மாதிரி எடுக்கும் நாளைப் பொறுத்து அடர்த்தியே மாறும். அதில் சுண்ணாம்பும் கலந்திருக்கும். மொத்தக் கரிமத்தை எரித்து அளக்கும் கருவி சுண்ணாம்பின் கரிமத்தையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. அதை முதலில் அமிலத்தால் நீக்க வேண்டும், அல்லது தனியாக அளந்து கழிக்க வேண்டும்.

கடைசியாக, தொடக்க நிலையை அளக்காமல் விடுவது. பத்து ஆண்டு கழித்து உழாத வயலில் 40 டன், பக்கத்து உழுத வயலில் 37 டன் என்றால், மூன்று டன் சேர்ந்ததாக எழுதிவிடுகிறார்கள். தொடக்கத்தில் இரண்டிலுமே 42 இருந்திருந்தால்? உழாத வயலும் இரண்டு டன்னை இழந்திருக்கிறது. உழவை நிறுத்தியது இழப்பைக் குறைத்தது என்பது உண்மை, அதற்கு மதிப்பும் உண்டு. காற்றிலிருந்து கரிமத்தை எடுத்து மண்ணில் சேர்த்தது என்பது உண்மையல்ல.

இதைப் பிரித்தறிய முதல் ஆண்டின் மண் கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து எடுத்த மண்ணை உலர்த்தி, மூடிய புட்டிகளில் வைத்திருக்கிறார்கள். அளக்கும் முறை மாறினால் பழைய எண்ணை அவர்கள் நம்ப வேண்டியதில்லை. அந்தப் புட்டியைத் திறந்து, பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒரே கருவியில் ஒரே நாளில் அளக்கலாம்.