மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளைப் பூச்சி: தொட்டியிலிருந்து செடியை எடுத்து வேர் மாவுப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

இலைக்கு அடியில் பூச்சி இல்லை, தண்ணீரும் ஒழுங்காகத்தான் ஊற்றுகிறீர்கள். ஆனாலும் செடி வளராமல் நிற்கிறது, புதுத் துளிர் சின்னதாக வருகிறது, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை வாடித் தொங்கினால், பார்க்கவேண்டிய இடம் வேர். அங்கே சாறு உறிஞ்சிக்கொண்டிருப்பது வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். இலையில் வரும் மாவுப்பூச்சியின் உறவுதான் இது. ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கழிவதால், செடியை வெளியே எடுக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் 8 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும் ஓர் அடீனியத்தை எடுத்துக்கொள்வோம். அடீனியம், கற்றாழை, பாம்புக் கற்றாழை போல மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றும் செடிகளில்தான் இந்தப் பூச்சி அதிகம். காய்ந்த, காற்றோட்டமான மண் இதற்கு வசதி.

எப்போது எடுப்பது

தண்ணீர் ஊற்றி மூன்று நான்கு நாள் ஆகியிருக்கவேண்டும். சொதசொதவென்று இருந்தால் மண் கட்டியாக வராமல் வேரோடு பிய்ந்துவிடும். ஈர மண்ணில் வெள்ளைத் திட்டும் மங்கலாகத் தெரியும். முற்றிலும் காய்ந்துவிட்டாலும் மண் பொலபொலவென்று உதிர்ந்து, எந்த இடத்தில் என்ன இருந்தது என்ற தடயமே போய்விடும். வேரில் வெயில் படக்கூடாது என்பதால் காலையிலோ நிழலிலோ செய்யுங்கள்.

கீழே விரிக்க செய்தித்தாள் வேண்டாம். வெள்ளைப் பூச்சி வெள்ளைத் தாளில் தெரியாது. கறுப்புக் குப்பைக் கவர் ஒன்றைக் கிழித்து விரியுங்கள். கூடவே காது குடையும் பட்ஸ், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் கொஞ்சம், ஒரு பல்குச்சி, ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். பூதக்கண்ணாடி இல்லையென்றால் போன் கேமராவை ஜூம் செய்தாலும் போதும்.

எடுக்கும் முறை

தொட்டியின் பக்கங்களைச் சுற்றிலும் அமுக்கி மண்ணைத் தளர்த்துங்கள். ஒரு கையால் தண்டின் அடியைத் தாங்கி, தொட்டியைச் சாய்த்து, மறு கையால் அடியைத் தட்டினால் மண்கட்டி வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். அடீனியத்தின் பருத்த அடியில் காயம் பட்டால் அதன் வழியே அழுகல் வரும். தொட்டிச் சுவரை ஒட்டி ஒரு பழைய கத்தியைச் சுற்றிலும் ஓட்டுங்கள். மண்தொட்டியில் வேர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இது பெரும்பாலும் தேவைப்படும்.

வெளியே வந்ததும் மண்ணை உதறவேண்டாம். முதலில் பார்க்கவேண்டியது மண்கட்டியின் வெளிப்பக்கம். தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காற்று இடைவெளியில்தான் பூச்சி கூடுகிறது. வேரின் மேல் கோலமாவை விரலால் தடவியது போல, லேசான நீலம் கலந்த வெள்ளைத் திட்டுகள் தெரியும். காலியான தொட்டியின் உட்சுவரையும் பாருங்கள். மண்கட்டியில் திட்டு இருந்த இடத்துக்கு நேராக, சுவரிலும் மாவு ஒட்டியிருக்கும். அடுத்து, அடியில் துளைகளைச் சுற்றி வளைந்து கிடக்கும் வேர்கள்.

திட்டு என்பது பூச்சி சுரக்கும் மெழுகு. பூச்சி அதற்குள்ளே இருக்கும். பெரியதே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். நீள்வட்ட உடல், வெள்ளை மாவு பூசியது. இலை மாவுப்பூச்சிக்கு இருக்கும் நீளமான வால் இழைகள் இதற்கு இல்லை. பல்குச்சியால் மெதுவாகத் தொட்டுவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். உயிருள்ளது என்றால் மிக மெதுவாக நகரும். பஞ்சுப் பொதி போல இருப்பவை முட்டைப் பைகள், அவை நகராது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூச்சி இல்லை

வடசென்னையில் பலர் ஏமாறும் இடம் இது. திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பான போர் தண்ணீரை ஊற்றும் தொட்டிகளில் வெள்ளை படிவது சாதாரணம். ஆனால் உப்பு படியும் இடம் வேறு. தண்ணீர் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு தங்கும்: மேல்மண், தொட்டி விளிம்பு, மண்தொட்டியின் வெளிச்சுவர். பூச்சியின் மெழுகோ இருட்டான உட்பக்கத்தில், வேரை ஒட்டி இருக்கும். சந்தேகம் இருந்தால் திட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு நனைந்துவிடும். மெழுகின் மேல் சொட்டு உருண்டையாக நிற்கும்.

பூஞ்சையும் குழப்பும். கோகோபீட்டிலும் சரியாக மக்காத வேப்பம்பிண்ணாக்கிலும் வெள்ளைப் பூஞ்சை வரும்; இதன் மேலும் தண்ணீர் உருண்டு நிற்கலாம், அதனால் தண்ணீர்ச் சொட்டை மட்டும் நம்பிவிடக்கூடாது. பூஞ்சை நூல் நூலாகப் பிரியும், வேரைவிட மக்கும் பொருளைத்தான் அதிகம் பற்றியிருக்கும். மண்கலவையில் சேர்க்கும் வெள்ளைத் துகளான பெர்லைட் என்றால் நகத்தால் நசுக்கும்போது நறநறக்கும்.

கடைசியாக ஸ்பிரிட் சோதனை. பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்துத் திட்டின் மேல் ஒற்றுங்கள். மெழுகு கரைந்து வெண்மை மறையும், உள்ளே இருக்கும் பூச்சியின் உடல் வெளிப்படும். அதை நசுக்கினால் ஈரக் கறை படும். பூஞ்சையில் நூல் படுத்துக்கொள்ளும், ஆனால் உடல் எதுவும் மிஞ்சாது. இந்தச் சோதனையை இரண்டு மூன்று திட்டுகளில் செய்யுங்கள், ஏனென்றால் பூச்சி விட்டுப்போன வெறும் மெழுகும் இருக்கலாம்.

வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தாலே பூச்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் சில பூச்சிகள் உட்புற வேரில் மட்டும் இருக்கும். மண்கட்டியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி அளவு பிரித்து, மெல்லிய வேர்களையும் பார்த்துவிடுங்கள். அப்போதும் ஒன்றும் இல்லை, செடியும் தேறவில்லை என்றால், மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கண்டுபிடித்துவிட்டால்

அந்தக் கறுப்புக் கவரிலேயே மண் முழுவதையும் கொட்டி, கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் போட்டால் அடுத்த தொட்டிக்கு நீங்களே பூச்சியைக் கொண்டுபோவதாகும். வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, மாவு படிந்த மெல்லிய வேர்களை வெட்டி, மிச்சத்தில் தெரியும் பூச்சிகளை ஸ்பிரிட் பட்ஸால் துடையுங்கள். வெட்டுக்காயம் காய அடீனியத்தை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். பழைய தொட்டி வேண்டுமென்றால் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். இலையில் வேப்ப எண்ணெய் தெளிப்பது இதற்கு வீண் செலவு. மருந்து பூச்சி இருக்கும் இடத்துக்குப் போகாது.

பிறகு பக்கத்துத் தொட்டிகள். மாடித் தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்தில் இருப்பவற்றை முதலில் எடுத்துப் பாருங்கள். துளை வழியே வடியும் தண்ணீரோடு குஞ்சுப் பூச்சிகள் அடுத்த தொட்டிக்குப் போகின்றன. எறும்பு ஏறி இறங்கும் தொட்டி இருந்தால் அதையும் விடாதீர்கள்: பூச்சி கழிக்கும் இனிப்புச் சாறுக்காக எறும்பு வருகிறது, சிலவகை எறும்புகள் பூச்சியையும் தூக்கிக்கொண்டு போகும்.