1,000 பாக்கிக்கு 1,253 வட்டி எப்படி வந்தது? கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டைப் படிக்கும் முறை

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் பார்ப்பது இரண்டே இடம்: எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும். தொகையை முழுசாகக் கட்டுகிறவருக்கு அதுவே போதும். ஒரு மாதம் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டீர்கள் என்றால்தான் மற்ற வரிகளைப் படிக்கத் தெரிய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அடுத்த ஸ்டேட்மெண்டில் வரும் வட்டி, நாம் மனக்கணக்காகப் போட்டு வைத்ததைப் போல இருக்காது.

ஒரு மாதிரி ஸ்டேட்மெண்டை வைத்தே பார்ப்போம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே தருகிறோம். ஆண்டு வட்டி 36.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 365 நாளால் வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாக 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஒரு நாளைக்கு 1. மனதிலேயே கணக்குப் போடலாம்.

```
பில்லிங் சைக்கிள்   : மார்ச் 16 – ஏப்ரல் 15
ஸ்டேட்மெண்ட் தேதி  : ஏப்ரல் 15
முந்தைய பாக்கி      : 0
மார்ச் 18  வாங்கியது : 20,000
ஏப்ரல் 10  வாங்கியது : 10,000
டோட்டல் டியூ        : 30,000
மினிமம் டியூ         : 1,500
டியூ டேட்            : மே 5
```

படி 1: முதலில் தேதிகள்

பில்லிங் சைக்கிள் என்பது ஒரு ஸ்டேட்மெண்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம். காலண்டர் மாதத்தோடு அது ஒத்துப்போக வேண்டியதில்லை. இங்கே 16-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15-இல் முடிகிறது. அந்த இடைவெளியில் கார்டில் பதிவானவை மட்டுமே இந்த ஸ்டேட்மெண்டில் இருக்கும். பதிவானவை என்பதைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 இரவு வாங்கியது 17-ஆம் தேதிதான் பதிவாகிறது என்றால் அது அடுத்த ஸ்டேட்மெண்டுக்குப் போய்விடும். "வாங்கினோமே, காணோமே" என்று தேடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்டேட்மெண்ட் தேதிக்கும் டியூ டேட்டுக்கும் நடுவே இங்கே 20 நாள். மார்ச் 16-இல் வாங்கிய பொருளுக்கு மே 5 வரை 50 நாள் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கிறது. ஏப்ரல் 15-இல் வாங்கியதற்கு 20 நாள்தான். விளம்பரத்தில் "50 நாள் வரை" என்று போடுவதில் அந்த "வரை" என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்.

டியூ டேட் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வரும் என்று நம்பிவிடாதீர்கள். சில கார்டுகளில் அது நிலையான தேதி. சிலவற்றில் ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து நாளை எண்ணுவார்கள். நம் கார்டு அந்த ரகம். ஏப்ரல் ஸ்டேட்மெண்டுக்கு மே 5 என்றால், மே 15 ஸ்டேட்மெண்டுக்கு 20 நாள் கூட்டினால் ஜூன் 4. மே மாதத்துக்கு 31 நாள் இருப்பதால் ஒரு நாள் முன்னே வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி நினைவூட்டல் வைத்திருப்பவர் இங்கேதான் மாட்டுவார். அத்தோடு, நீங்கள் அனுப்பிய பணம் டியூ டேட்டுக்குள் கார்டு கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். வேறு வங்கியிலிருந்து அனுப்பினால் இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே அனுப்புவது நல்லது.

படி 2: மினிமம் டியூ என்ன வாங்கித் தருகிறது?

மினிமம் டியூ இங்கே மொத்தத்தில் 5 சதவீதம், 1,500. பல கார்டுகளில் அசலில் ஒரு சதவீதத்தோடு அந்த மாத வட்டி, கட்டணங்கள், தவணைத் தொகை எல்லாவற்றையும் சேர்த்து இதைக் கணக்கிடுவார்கள். அதனால் மாதாமாதம் இது மாறும்.

இதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, தவறியவர் என்ற பதிவும் ஏறாது. அவ்வளவுதான். வட்டியை இது ஒரு நாள்கூட நிறுத்துவதில்லை. ஸ்டேட்மெண்டில் டோட்டல் டியூவுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பதால் இரண்டில் எதைக் கட்டினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். தானாகப் பணம் எடுக்கும் வசதியைப் பதிவு செய்யும்போதும் "மினிமம் டியூ", "டோட்டல் டியூ" என்று இரண்டு தெரிவுகள் வரும். அதில் முதலாவதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, பல மாதங்களாக வட்டி கட்டுவதை அறியாமலே இருப்பவர்கள் உண்டு. உங்கள் கார்டில் எது பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: பாக்கி வைத்தால் வட்டி எங்கிருந்து ஓடுகிறது?

மே 5 அன்று 30,000-க்கு 29,000 கட்டிவிட்டீர்கள். பாக்கி 1,000. மே 8-இல் புதிதாக 4,000-க்கு ஏதோ வாங்கினீர்கள். மே 15 ஸ்டேட்மெண்டில் வட்டி எவ்வளவு வரும்? மே 5 முதல் 15 வரை 11 நாள், ஆயிரத்துக்கு நாளுக்கு 1, ஆக மொத்தம் 11 என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வந்து நிற்பது 1,253.

காரணம் இதுதான். வட்டியில்லாத அவகாசம் என்பது டோட்டல் டியூவை முழுசாகக் கட்டுகிறவருக்கு மட்டும் தரும் சலுகை. ஒரு பகுதி பாக்கி நின்றாலே பல கார்டுகளில் அந்தச் சலுகை முழுவதும் ரத்தாகிவிடும். அப்போது டியூ டேட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே வட்டியை எண்ணத் தொடங்குவார்கள்.

```
வட்டி = தொகை × நாட்கள் × ஆண்டு வட்டி ÷ 100 ÷ 365

20,000  மார்ச் 18 – மே 4     48 நாள்     960
10,000  ஏப்ரல் 10 – மே 4     25 நாள்     250
 1,000  மே 5 – மே 15         11 நாள்      11
 4,000  மே 8 – மே 15          8 நாள்      32
                             மொத்தம்   1,253
```

மேலே இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். நீங்கள் கட்டிமுடித்த 29,000-க்கும் அது கட்டப்பட்ட நாள் வரை வட்டி போட்டிருக்கிறார்கள். வட்டியில் பெரும்பங்கு பாக்கி நின்ற ஆயிரத்தால் வந்ததல்ல, ரத்தான சலுகையால் வந்தது. அதனால்தான் "கிட்டத்தட்ட முழுசா கட்டிட்டேன்" என்பது இங்கே எடுபடுவதில்லை.

கடைசி வரியும் முக்கியம். மே 8-இல் வாங்கியதற்கு ஜூன் 4 வரை அவகாசம் இருக்க வேண்டும் அல்லவா? பாக்கி இருக்கும்வரை புதிய செலவுக்கும் அவகாசம் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே பாக்கி ஓடிக்கொண்டிருக்கும் கார்டில் புதிதாகத் தேய்க்காமல் இருப்பதே லாபம்.

எல்லா இடத்திலும் இதே முறை இல்லை. கட்டிய தொகைக்கு வட்டி போடாமல், பாக்கி நின்ற தொகைக்கு மட்டும் போடும் முறையும் உண்டு. அந்த ஆயிரம் ஏப்ரல் 10-இல் வாங்கியதைச் சேர்ந்தது என்று கொண்டால் மே 15 வரை 36 நாள், வட்டி 36. புதிய செலவின் 32-ஐயும் கூட்டினால் 68. 1,253 எங்கே, 68 எங்கே! உங்கள் கார்டு எந்த ரகம் என்று தெரிய, விதிமுறைகளில் வட்டிக் கணக்கீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள். கட்டிமுடித்த தொகைக்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி போட்ட வரி ஒன்று அதில் இருந்தால் முதல் ரகம்.

படி 4: மினிமம் மட்டும் கட்டினால்

முதல் ரகக் கார்டிலேயே, மே 5-இல் 1,500 மட்டும் கட்டினீர்கள், அதன்பின் கார்டைத் தொடவே இல்லை என்று வைப்போம். மேலே பார்த்த 960, 250 இரண்டும் அப்படியே வரும். மீதி 28,500-க்கு 11 நாள் வட்டி 313.50. கூட்டினால் 1,523.50. மே 15 ஸ்டேட்மெண்டில் டோட்டல் டியூ 30,023.50. 1,500 கையிலிருந்து போனது, கடனோ 23.50 ஏறியிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து பழைய நாட்கள் சேராததால் வட்டி சற்று இறங்கும். ஆனாலும் 28,500-க்கு 31 நாள் வட்டி 883.50. அதாவது கட்டும் 1,500-இல் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

படி 5: முழுசாகக் கட்டியபின் வரும் வால் வட்டி

மறுபடி 29,000 கட்டியவரிடம் வருவோம். மே 15 ஸ்டேட்மெண்டில் அவருக்கு 1,000 + 4,000 + 1,253 = 6,253. புதிதாக எதுவும் வாங்காமல் ஜூன் 4 அன்று அதை ஒரு பைசா விடாமல் கட்டிவிடுகிறார். ஜூன் 15 ஸ்டேட்மெண்டில் மறுபடியும் வட்டி 95 என்று நிற்கிறது. வங்கி தப்பாகப் போட்டுவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஸ்டேட்மெண்ட் மே 15 வரைக்குமான வட்டியைத்தான் காட்டியது. மே 16 முதல் ஜூன் 3 வரை 19 நாள் அந்த 5,000 பாக்கியாகவே இருந்தது, அதற்கான வட்டி இது. வட்டிக்கும் வட்டி போடும் கார்டானால் 119 வரை வரும்.

பாக்கி இருக்கும் மாதத்தில் டியூ டேட் வரை காத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. மே 20 அன்றே கட்டியிருந்தால் 4 நாளுக்கு 20 மட்டும்தான் வந்திருக்கும். இன்னும் சுத்தமாக முடிக்க வேண்டுமானால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "இன்றைய தேதி வரையிலான வட்டியோடு கணக்கை முடிக்க எவ்வளவு?" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டலாம். வட்டியில்லாத அவகாசம் திரும்புவதற்குக் கார்டைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ ஸ்டேட்மெண்ட்களை முழுசாகக் கட்ட வேண்டியிருக்கும். ஜூன் 15-இல் வந்த அந்த 95-ஐச் சில்லறைதானே என்று விட்டுவிட்டால் அதுவும் ஒரு பாக்கிதான். படி 3-இல் பார்த்த கணக்கு மறுபடி தொடங்கிவிடும்.