மின்னஞ்சலைத் திறந்தார்களா? கண்காணிப்புப் படம் சொல்வதைச் சோதித்துப் பார்க்கும் முறை

அப்புத்தளை, எல்ல பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற பலர் வெளிநாட்டுப் பயண முகவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஏதாவது ஒரு மென்பொருளை வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே “திறந்தார்” அல்லது “திறக்கவில்லை” என்று காட்டும். “நாலு தரம் திறந்து பார்த்திருக்காங்க, பதிலைத்தான் காணோம்” என்று மறுநாளே போன் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த ‘நாலு தரம்’ எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே பார்க்கலாம்.

படி 1: படத்தைக் கண்டுபிடியுங்கள்

அந்த மென்பொருள் வழியாக உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, `Show original` என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பக்கத்தில் `<img` என்று தேடினால், பெரும்பாலும் அடிப்பகுதியில் இப்படி ஒன்று இருக்கும்:

```
<img src="https://t.example.com/o.gif?m=0017" width="1" height="1">
```

நடுவே `=3D` என்று வந்தால் குழம்ப வேண்டாம், அது `=` குறிதான். ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படம் இது. `0017` என்பது பெறுநருக்கு மட்டும் உரிய எண். படம் இறங்கும்போது நேரம், ஐ.பி. முகவரி, எந்த மென்பொருள் கேட்டது ஆகிய மூன்றும் அனுப்பியவரின் சர்வரில் பதிவாகும். கடிதம் பெற்றவருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. என் பார்வையில், விருந்தாளியாக வரப்போகிறவரிடம் பழகத் தொடங்கும் முறை இதுவல்ல.

படி 2: பதிவை வாசியுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. கோடை காலத்தில், நம் நேரம் காலை 9:00 மணிக்கு ஜெர்மனி முகவர்களுக்குக் கடிதம் போகிறது. பதிவில் இருப்பது இது:

```
09:00:03  m=0031  Mozilla/5.0 (Windows NT 10.0...) Chrome/...
09:00:41  m=0017  Mozilla/5.0
11:26:10  m=0022  ... (via ggpht.com GoogleImageProxy)
```

அப்போது அங்கே விடியற்காலை 5:30. மூன்றாவது விநாடியிலேயே 0031 வாசித்திருக்க வழியில்லை. பல நிறுவனங்களில் கடிதம் ஊழியரிடம் போகுமுன் பாதுகாப்பு மென்பொருள் அதைத் திறந்து சோதிக்கும், சாதாரண பிரவுசர் போலவே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

வெறும் `Mozilla/5.0` என்று நிற்கிற 0017 பெரும்பாலும் ஆப்பிள் மெயில். 2021 செப்டெம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு ஆப்பிளே தன் இடைநிலை சர்வர் வழியாகப் படங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. கடிதம் வாசிக்கப்படாமல் கிடந்தாலும் “திறந்தார்” என்றே விழும். இது சில சமயம் மணிக்கணக்கு கழித்தும் நடக்கும். அதனால் “முதல் ஒரு நிமிடத்தைக் கழித்துவிடுவோம்” என்ற கணக்கும் சரிவராது.

0022 ஜிமெயில். இங்கே முதல் திறப்பை ஓரளவு நம்பலாம். ஆனால் 2013 இறுதியிலிருந்து ஜிமெயில் படங்களைக் கூகுளின் சர்வர் வழியாகவே காட்டுவதால், பதிவாவது கூகுளின் ஐ.பி. முகவரி. வாசித்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

இனி 0040. பதிவில் அவருக்கு ஒரு வரியும் இல்லை, ஆனால் மதியம் அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது! படங்களைத் தடுத்து வைத்தே வாசிக்கிறவர் அவர். “திறக்காதவர்களுக்கு இன்னொரு முறை அனுப்பு” என்று மென்பொருளிடம் சொல்லி வைத்திருந்தால், பதில் தந்தவருக்கே அதே கடிதம் மறுபடி போயிருக்கும்.

அப்புறம், அந்த ‘நாலு தரம்’. கடிதத்தை அலுவலகத்தில் இன்னொருவருக்கு அனுப்பியிருந்தாலும் அதே எண்ணில்தான் கூடும். சில மென்பொருள்களில் நீங்களே Sent பகுதியில் திறந்து பார்த்ததும் அதில் சேரும்.

படி 3: நிறுத்துங்கள்

அமைப்புகளில் `Track opens` அல்லது அதுபோன்ற பெயரில் இருக்கும் தெரிவை எடுத்துவிடுங்கள். படி 1ஐ மறுபடி செய்து, அந்த `<img` வரி உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தனியுரிமை விதிகள் இந்தப் படங்களையும் குக்கீ போலவே பார்ப்பதால், அங்கே அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

படி 4: பதிலை வைத்து முடிவெடுங்கள்

ஒரு எளிய தாள் போதும்: பெயர், அனுப்பிய தேதி, திரும்பி வந்ததா, பதில் வந்ததா. முகவரி தவறென்று திரும்பி வந்தவற்றை நீக்குங்கள். பதில் தராத எல்லாருக்கும், திறந்தார்களா இல்லையா என்று பாராமல், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள்.

கடிதத்தின் முடிவில் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி வையுங்கள்: “ஜனவரியில் இரண்டு அறைகளை உங்களுக்காக ஒதுக்கி வைக்கட்டுமா?” எந்தத் தலைப்பு நல்லது என்று தெரிய வேண்டுமானால், பட்டியலை இரண்டாகப் பிரித்து, பதில்களை மட்டும் எண்ணுங்கள். நாற்பது ஐம்பது பெயர்களில் ஓரிரு பதில் வித்தியாசம் தற்செயலாகவும் வரும்; அதை வைத்துத் தலைப்பை மாற்ற வேண்டாம்.