கம்ப்யூட்டர் சென்டரில் சேருமுன்: மொத்த ஃபீஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நோட்டீஸ்கள் குவிந்துவிடும். பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இரண்டு சென்டரின் மொத்த ஃபீஸை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

டிசிஏ என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ கோர்ஸுக்கு ஒரு சென்டர் ‘6 மாதம், 6,000 ரூபாய்’ என்கிறது. இன்னொன்று ‘3 மாதம், 8,500 ரூபாய்’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் முதல் சென்டர்தான் லாபம் என்று தோன்றும். வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். முதல் சென்டரில் வாரம் 3 நாள், ஒரு மணி நேரம் என்றால் 26 வாரத்துக்கு 78 மணி நேரம்தான். இரண்டாவதில் வாரம் 5 நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் 13 வாரத்தில் 97 மணி நேரத்துக்கு மேல் வரும். அங்கே 6 மாதம் என்பது வெறும் காலண்டர் கணக்கு.

அடுத்து, அட்மிஷன், புத்தகம், பரீட்சை, சர்டிஃபிகேட் என்று பின்னால் வருகிற செலவு. முதல் சென்டரில் இவை 2,450 ரூபாய் என்றால், மொத்தம் 8,450 ஆகிவிடும். இரண்டாவதில் 8,500-க்குள் எல்லாம் அடக்கம் என்றால், மணிக்கணக்கில் முதல் சென்டர் சுமார் 108 ரூபாய், இரண்டாவது சுமார் 87 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று, பலரும் கேட்காதது: ஒரு சிஸ்டத்தில் எத்தனை பேர்? இரண்டு சென்டரிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் தியரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சென்டரில் மிச்சமுள்ள 52 மணி நேரத்தில் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால், உங்கள் பிள்ளையின் கை கீபோர்டில் இருப்பது 26 மணி நேரம். இரண்டாவதில் ஆளுக்கொரு சிஸ்டம் என்றால் 65 மணி நேரம். டேலியோ எக்செல்லோ, கை பழகாமல் வராது. அதனால் உங்கள் பிள்ளை படிக்கப்போகிற பேட்ச் நேரத்திலேயே ஒரு தடவை போய், லேபை எட்டிப் பாருங்கள். பவர் கட் வந்தால் சிஸ்டம் ஓடுமா, ஓணம், டிசம்பர் 3 சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று நம் மாவட்டத்துக்கு வரும் லோக்கல் லீவுக்குப் பதில் கிளாஸ் உண்டா என்றும் கேட்கலாம்.

சர்டிஃபிகேட் விஷயத்தில், சுவரில் மாட்டியிருக்கும் ஐஎஸ்ஓ சான்றைக் கோர்ஸின் அங்கீகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நிறுவனம் நடத்தப்படும் முறைக்கானது, படிப்புக்கானது அல்ல. ‘அரசு பதிவு பெற்றது’ என்பதும் பெரும்பாலும் தொழில் பதிவுதான். ஒரே கேள்வி போதும்: பரீட்சை நடத்திச் சான்று கொடுப்பது யார்? சென்டரே என்றால் அது அந்தச் சென்டரின் சான்று. கடையிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் சான்றைவிட, உட்காரவைத்து ஒரு பில்லைப் போடச் சொல்லித்தான் ஆளை எடுப்பார்கள், அதற்கு இது போதும். ஆனால் அரசு வேலைக்குக் குறி வைக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். குரூப் 4 தட்டச்சர் பணிக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்று. அதற்குப் பதிலாகச் சென்டர் கொடுக்கும் டிசிஏவைக் காட்ட முடியாது. மத்திய அரசின் நைலிட் நடத்தும் சிசிசி, அடிப்படைக் கம்ப்யூட்டருக்கான 80 மணி நேரக் கோர்ஸ். அதற்குச் சென்டரில் சேராமல் நேரடியாகவும் ஆன்லைனில் விண்ணப்பித்துப் பரீட்சை எழுதலாம். அதனால் ‘சிசிசி ஃபீஸ்’ என்று சென்டர் ஒரு பெரிய தொகை சொன்னால், அதில் பரீட்சைக் கட்டணம் எவ்வளவு, சொல்லிக்கொடுப்பதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

‘100 சதவீதம் வேலை’ என்ற வாக்குறுதிக்கு மணிக்கணக்கில் விலை போட முடியாது. “போன பேட்ச்ல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, எந்த ஊர்ல, என்ன சம்பளம்?” என்று கேட்டால், “இன்டர்வியூ ஏற்பாடு செஞ்சு தருவோம், சார்” என்று பேச்சு மாறுவதைக் காணலாம். இன்டர்வியூவுக்கு அனுப்புவது வேறு, வேலை தருவது வேறு. சுவரில் இருக்கும் மாணவர் போட்டோக்கள் இந்தக் கிளையில் படித்தவர்களா, என்ன கோர்ஸ், எந்த வருஷம் என்றும் கேட்கலாம். வேலை கிடைத்த இரண்டு பேரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வாக்குறுதிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்ட வேண்டாம்.

பயிற்சி நிறுவனங்கள் தவறாக விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஃபீஸ், கோர்ஸ் காலம், வேலை உறுதி பற்றிப் பொய்யாகச் சொல்வதை அது தடுக்கிறது. அதனால் நோட்டீஸையும் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். மொத்த மணி நேரம், மொத்த ஃபீஸ், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்ல அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.